கல்கிசையில் ஒரு பின்நேரம்: மணலை விட உப்புக்குத்தான் பயப்பட வேண்டும்

"வாற ஞாயிறு பின்நேரம் பிள்ளைகளோடு கல்கிசைக் கடற்கரைக்குப் போகிறோம். என்னுடைய போன் ஐபி68 என்று சொல்லி விற்றார்கள். தம்பியின் மிரர்லெஸ் கமராவையும் இரவல் வாங்கிக்கொண்டு போக ஆசை. மணல், உப்புக்காற்று, தூசு ஒன்றும் உள்ளே போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? நல்ல பொலித்தீன் பை ஒன்றில் போட்டால் போதுமா?"

இரண்டையும் தாராளமாகக் கொண்டுபோங்கள். பொலித்தீன் பை நல்லதுதான், ஆனால் அது பாதி வேலையைத்தான் செய்யும். மீதி வேலை அன்றிரவு வீட்டில் இருக்கிறது, போனைச் சார்ஜரில் போடுவதற்கு முன்னால். நான் பார்த்தவரையில் கடற்கரையில் கெட்டுப்போகிற போன்களை விட, கடற்கரைக்குப் போய்வந்து ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு கெட்டுப்போகிற போன்கள்தான் அதிகம். காரணம் உப்பு. ஆகவே உப்பில் இருந்தே தொடங்குகிறேன்.

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கடல் பக்கம் குடியிருந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். குசினியில் உப்புப் போத்தலைத் திறந்து வைத்தால் இரண்டு நாளில் கசிந்து ஈரமாகிவிடும். அதற்காகத்தான் அம்மாமார் உள்ளே நாலு அரிசி போட்டு வைப்பார்கள். யன்னல் கம்பி எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் கறள் பிடிக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக இழுத்துக் கரைந்துவிடுகிறது என்பதுதான் இதற்குக் காரணம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் உப்புகளும் கலந்திருப்பதால் அதற்கும் குறைந்த ஈரப்பதத்திலேயே அது கசியும். கொழும்பில் இரவு நேரத்தில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேலேதான் நிற்கும்.

இதன் அர்த்தம் என்னவென்றால், போனின் மேல் படிந்த கடல்நீர்த் துளி இங்கே முழுதாகக் காய்வதே இல்லை. பகலில் காய்ந்த மாதிரித் தெரியும், இரவில் திரும்பவும் ஈரமாகும். வறண்ட ஊர்களில் உப்பு வெறும் வெள்ளைத் தூளாகக் கிடக்கும், தட்டினால் போய்விடும். இங்கே அது உங்கள் சார்ஜிங் துவாரத்துக்குள் ஒவ்வோர் இரவும் உப்புத் தண்ணீராக மாறிக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகத்தான் கடத்தும். உப்புத் தண்ணீர் நன்றாகக் கடத்தும். அந்த நிலையில் சார்ஜரைச் செருகினால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்ன உலோகத் தகடுகளுக்கு நடுவே மின்சாரம் உப்புத் தண்ணீர் வழியாகப் பாய்ந்து உலோகத்தைக் கரைத்து எடுத்துவிடும். மேலே பூசிய மெல்லிய தங்க முலாம் போனதும் உள்ளே இருக்கும் செம்பு பச்சையாகப் பூக்கும்.

எனக்கே இது நடந்தது. ஒரு ஜூன் மாதம், காலி முகத்திடலில் இறால் வடை சாப்பிட்டுக்கொண்டு ஒரு மணிநேரம் நின்றோம். போன் தண்ணீரில் விழவில்லை, மணலில்கூட விழவில்லை. காற்று மட்டும்தான் பலமாக அடித்தது. வீட்டுக்கு வந்து சேர்ட் நுனியால் துடைத்துவிட்டு வழக்கம்போலச் சார்ஜரில் போட்டுவிட்டுப் படுத்தேன். பத்து நாள் கழித்து வேகச் சார்ஜ் ஏறாமல் போனது. அப்புறம் கேபிளை ஒரு பக்கமாகச் செருகினால் சார்ஜ் ஏறும், திருப்பிச் செருகினால் ஏறாது. பழுதுபார்க்கும் கடையில் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக் காட்டினார்கள். ஒரு பக்கத்துத் தகடுகள் இரண்டு பச்சையாகி அரித்துப் போயிருந்தன. யூஎஸ்பி-சி துவாரத்தில் மேலேயும் கீழேயும் ஒரே மாதிரித் தகடுகள் இருப்பதால், ஒரு பக்கம் அரித்தால் இந்த "ஒரு பக்கமாகத்தான் வேலை செய்யும்" அறிகுறி வரும். உங்கள் போனில் எப்போதாவது அப்படிக் கண்டால் கேபிளை மட்டும் குறை சொல்லாமல் துவாரத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேரே கடலில் இருந்து கரைக்கு அடிக்கும். அலை பாறையில் உடைந்து சிதறுகிற நுண்துளிகள் புகைபோல வரும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அரை மணிநேரத்திலேயே கண்ணாடி மங்குவதை வைத்து இதைத் தெரிந்துகொள்ளலாம். உங்கள் மூக்குக்கண்ணாடியில் எவ்வளவு படிகிறதோ அவ்வளவு போனிலும் படிகிறது. கொள்ளுப்பிட்டியில் இருந்து கல்கிசை வரை ரயில் பாதை கடலோரமாகவே போவதால், அந்த மாதங்களில் ரயில் யன்னலுக்கு வெளியே போனை நீட்டிப் படம் எடுத்தாலும் இதே கதைதான். டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும், துளியும் குறைவு. அப்போது மணலையும் பிள்ளைகளின் ஈரக் கையையும் கவனித்தால் பெரும்பாலும் போதும்.

இனி ஐபி68. அந்த எண்ணில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் எண்ணான 6 தூசு உள்ளே போகாது என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது எண்ணான 8, கம்பனி சொல்கிற ஆழத்தில் சொல்கிற நேரம் வரை தண்ணீரில் கிடந்தாலும் உள்ளே போகாது என்பது. பல போன்களுக்கு அது ஒன்றரை மீட்டர், 30 நிமிடம். இந்தச் சோதனையை நல்ல தண்ணீரில், புதுப் போனில், ஆய்வுகூடத்தில் செய்கிறார்கள். கடல்நீருக்கு அந்த எண் பொறுப்பேற்காது. தண்ணீரால் வந்த சேதத்தைப் பெரும்பாலான கம்பனிகள் உத்தரவாதத்திலும் சேர்ப்பதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். சார்ஜிங் துவாரமும் ஸ்பீக்கர் ஓட்டைகளும் கண்ணுக்கு உள்ளே மாதிரித் தெரிந்தாலும், தண்ணீர்க் காப்பைப் பொறுத்தவரை அவை வெளியேதான் இருக்கின்றன. தண்ணீர் அங்கே வரை வரும். அதற்குப் பின்னால்தான் றப்பரும் வலையும் தடுக்கின்றன. ஆகவே ஐபி68 போனிலும் துவாரத்துக்குள் உப்புத் தங்கும். அடுத்தது, உங்கள் போனின் திரையையோ பற்றரியையோ எப்போதாவது வெளியே மாற்றியிருந்தால், ஓரத்தில் ஒட்டியிருந்த பசை பழையபடி ஒட்டப்பட்டிருக்கும் என்று நம்ப முடியாது. அல்லது ஒருமுறை பலமாக விழுந்து மூலை நெளிந்திருந்தாலும் அப்படித்தான். அந்தப் போனை ஐபி68 இல்லாத போன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகிற கழுவும் முறையும் அதற்குப் பொருந்தாது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். சனி இரவே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. போனுக்குக் கழுத்தில் தொங்கவிடும் தண்ணீர் புகாத பை வாங்குவதாக இருந்தால், அதற்குள் போனை வைக்காமல் ஒரு டிசு தாளை மடித்து வையுங்கள். பாரத்துக்கு ஒரு கரண்டியையும் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் அரை மணிநேரம் அமுக்கி வையுங்கள். எடுத்து வெளியே நன்றாகத் துடைத்த பிறகு திறந்து டிசுவைத் தொட்டுப் பாருங்கள். ஒரு மூலையில் சற்று நனைந்திருந்தாலும் அந்தப் பை கடலுக்கு ஆகாது. பை புதிதாக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஓரத்தில் ஒட்டிய இடம் விட்டுக்கொடுப்பது புதுப் பைகளிலும் நடக்கிறது.

அந்தப் பை வாங்கவில்லை என்றால் அழுத்தி மூடும் சிப் வைத்த தடித்த பொலித்தீன் பை போதும். தண்ணீருக்குள் இறங்காதவரைக்கும் அது நன்றாகவே வேலை செய்யும். மெல்லிய பொலித்தீனுக்கு மேலாலேயே திரையைத் தொட்டு இயக்கலாம், அழைப்பும் எடுக்கலாம். பொலித்தீன் நனைந்தால்தான் திரை சொல்வழி கேட்காது. படம் எடுக்கும்போது மட்டும் கவனியுங்கள்: பொலித்தீனுக்குள் காற்று நின்றால் படம் பால் ஊற்றிய மாதிரி மங்கும். லென்ஸ் இருக்கும் மூலையில் பொலித்தீனை இறுக்கி இழுத்துப் போனோடு ஒட்டினால் தெளியும்.

மூடிய பைக்குள் இன்னோர் ஆபத்து வெப்பம். பெரும்பாலான போன்களை 35 பாகை வரையான சூழலில் பாவிக்கத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மூன்று மணி வெயிலில், பைக்குள்ளே, மணலுக்கு மேல் போனை வைத்தால் அந்த அளவை மிக விரைவில் தாண்டிவிடும். திரை தானாக மங்குவதும், வெப்பம் அதிகம் என்று எச்சரிக்கை வருவதும் அதன் அடையாளம். அப்படி வந்தால் நிழலுக்குக் கொண்டுபோய் ஆறவிடுங்கள். ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். திடீரென்று குளிர்ந்தால் உள்ளே நீராவி படியும்.

பையில் எடுத்துப்போக வேண்டிய சாமான் அதிகம் இல்லை. ஒரு லீற்றர் போத்தல் நல்ல தண்ணீர், அது குடிப்பதற்கு அல்ல. இரண்டு பருத்தித் துணி, ஒன்றை நனைத்துப் பிழிந்து தனிப் பையில். ஒரு சின்னத் துவாய், கை துடைக்க மட்டும். கையால் அமுக்கிக் காற்று ஊதும் றப்பர் பந்து, கமராக் கடைகளில் கிடைக்கும். அது இல்லையென்றால் புதிய, மென்மையான பெயின்ட் பிரஷ்.

கமராவை வீட்டிலேயே தயார்ப்படுத்துங்கள். எந்த லென்ஸ் வேண்டும் என்று தீர்மானித்து மாட்டிவிடுங்கள், கடற்கரையில் கழற்றக் கூடாது. மிரர்லெஸ் கமராவில் லென்ஸைக் கழற்றினால் சென்சர் நேரே வெளியே தெரியும். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் அடுத்தடுத்த எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி விழும், ஷட்டருக்குள் போனால் செலவு பெரிது. லென்ஸுக்கு முன்னால் ஒரு யூவி பில்டர் மாட்டுங்கள். லென்ஸ் மூடியின் உட்புறத்தில் பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும், அதே அளவு பில்டரைக் கேட்டு வாங்கலாம். பில்டரைப் படத்தின் தரத்துக்காக மாட்டச் சொல்லவில்லை. உப்புப் பட்ட பில்டரைத் தனியாகக் கழற்றிப் பைப்புக்குக் கீழே கழுவலாம், லென்ஸை அப்படிக் கழுவ முடியாது. அதற்காகத்தான்.

தம்பியின் கமராவோடு வந்தது சூம் லென்ஸ் என்றால், சூம் செய்யும்போது அதன் குழாய் வெளியே நீளும், உள்ளே போகும். ஒவ்வொரு தடவை நீளும்போதும் அது ஒரு பம்ப் போல வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. நீண்ட குழாயில் ஒட்டிய மணல் திரும்பி உள்ளே போகும்போது இடுக்கில் சிக்கும். சூம் வளையத்தைத் திருப்பும்போது சரசரவென்று சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் பலம் கொடுத்துத் திருப்ப வேண்டாம். குழாயை நீண்ட நிலையிலேயே வைத்து, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஓரத்தைச் சுற்றிக் காற்று ஊதுங்கள். மணல் கீழே விழ வேண்டும், உள்ளே போகக் கூடாது. நான் கடற்கரைக்குச் சூம் இல்லாத லென்ஸையே கொண்டுபோவேன். சூம் லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஓர் அளவில் வைத்து, வளையத்தைத் தொடாமல், நடந்து கிட்டப் போயும் தள்ளி நின்றும் படம் எடுப்பது நல்லது.

கமராவுக்கு உறை வீட்டிலேயே செய்யலாம். பெரிய தெளிவான பொலித்தீன் பையின் அடியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி, லென்ஸ் முனையில் றப்பர் பான்ட் போட்டு இறுக்குங்கள். கையைப் பின்பக்கத் திறப்பால் விட்டு அமுக்கலாம். பார்க்க வடிவில்லை, ஆனால் காற்று அடிக்கிற நாளில் கமராவின் பொத்தான் இடுக்குகளுக்கு உப்புத் துளி போகாது.

கல்கிசையில் பின்நேரக் காற்று கடலில் இருந்து கரைக்குத்தான் வரும். கமராவைப் பையிலிருந்து எடுக்கும்போதும் வைக்கும்போதும் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் உடம்பே ஒரு மறைப்பு. சூரியன் மறைவதைப் படம் எடுக்க ஆறு மணியளவில் கமராவைக் கடல் பக்கம் திருப்பத்தான் வேண்டும், அப்போது ஒரு சில நிமிடத்துக்கு ஒரு தடவை பில்டரைப் பாருங்கள். சூரியனைச் சுற்றிப் புகைமூட்டம் போலத் தெரிந்தால் உப்புப் படிந்துவிட்டது.

அதை எப்படித் துடைப்பது என்பதில்தான் பலர் கண்ணாடியைக் கீறிக்கொள்கிறார்கள். கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் அளவையில் அது 7. போன் திரைக் கண்ணாடி 6 அளவிலேயே கீறத் தொடங்கும். அதாவது ஒரு மணல் துகள் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்தால், எவ்வளவு மென்மையான துணியாக இருந்தாலும் நீங்கள் அரத்தால் தேய்க்கிறீர்கள். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் தலைகீழாகப் பிடித்துக் காற்று ஊதுங்கள், பிறகு பிரஷால் தட்டிவிடுங்கள், அதற்குப் பிறகுதான் ஈரத் துணி. வாயால் ஊத வேண்டாம், எச்சில் துளி விழுந்தால் மீதி மணலும் ஒட்டிக்கொள்ளும்.

மணல் வருவதில் பெரும்பகுதி காற்றால் அல்ல, கையால். பிள்ளை ஈரக் கையோடு வந்து "அம்மா போனைத் தாங்கோ" என்று வாங்குகிற அந்த ஒரு நிமிடத்தில் வருகிற மணல், இரண்டு மணிநேரக் காற்றில் வருவதை விட அதிகம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். போத்தல் தண்ணீரால் கையைக் கழுவி, அந்தச் சின்னத் துவாயில் துடைத்த ஆள்தான் போனைத் தொடலாம். ஒரு லீற்றர் தண்ணீர் அதற்குத்தான் பெரும்பாலும் முடிகிறது. வெயில் கிறீம் பூசிய கையும் அப்படித்தான், அந்த எண்ணெய்ப் பசையில் மணல் நன்றாகப் பிடிக்கும். பையைப் பாயில் வைக்காமல் கதிரையின் முதுகில் தொங்கவிடுங்கள், சிப் வாய் மேலே பார்த்தபடி. காந்தம் வைத்த மடிப்பு உறை போனுக்குப் போட்டிருந்தால் அன்றைக்குக் கழற்றிவிட்டுப் போங்கள். கடல் மணலில் கறுப்புக் கோடாகத் தெரிகிற கனிம மணலில் சில வகைகள் காந்தத்தில் ஒட்டும்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டீர்கள், இரவு ஏழரை என்று வையுங்கள். போனில் 15 சதவீதம்தான் சார்ஜ் இருக்கிறது. கை தானாகச் சார்ஜரைத் தேடும். பொறுங்கள்.

முதலில் போனை நிறுத்திவிட்டு, உறையைக் கழற்றுங்கள். உறைக்கும் போனுக்கும் நடுவே கட்டாயம் மணல் இருக்கும், அதை ஊதித் தள்ளுங்கள். உறையைச் சவர்க்காரம் போட்டுத் தனியாகக் கழுவிக் காயவிடுங்கள். போன் ஐபி68 ஆக இருந்து, திறக்கப்படாததாக, உடைவு ஒன்றும் இல்லாததாக இருந்தால், பைப்பை மெல்லிய நூலாகத் திறந்து, சாதாரண நல்ல தண்ணீரில் அரை நிமிடம் எல்லாப் பக்கமும் காட்டுங்கள். சார்ஜிங் துவாரத்தையும் ஸ்பீக்கரையும் தண்ணீர் மெதுவாகத் தொட்டு ஓடட்டும். வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். 8 என்ற எண் தண்ணீரில் அமிழ்ந்து கிடப்பதற்கு, வேகமாக அடிக்கிற தண்ணீருக்கு அல்ல. சவர்க்காரமும் வேண்டாம், சுடுதண்ணீரும் வேண்டாம். சிம் தட்டை இந்த நேரத்தில் திறக்கவே கூடாது.

தண்ணீரைப் பார்த்தே பயம் வரும், எனக்கும் முதல் தடவை வந்தது. ஆனால் நல்ல தண்ணீர் பட்டுக் காய்ந்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. உப்பு மிஞ்சினால் நான் மேலே சொன்னபடி காயவே காயாது. பலர் தண்ணீருக்குப் பயந்து மருந்துக் கடை ஸ்பிரிட்டாலோ பிள்ளைகளைத் துடைக்கும் ஈரத் தாளாலோ துடைக்கிறார்கள். ஸ்பிரிட் எண்ணெய்ப் பசையை எடுக்கும், உப்பு அதில் சரியாகக் கரையாது. ஈரத் தாளில் இருக்கும் வாசனைப் பொருள் இன்னொரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான்.

கழுவியதும் துவாரம் கீழே பார்க்கும்படி பிடித்து, மறு உள்ளங்கையில் நாலைந்து தடவை மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே நின்ற தண்ணீர் துளியாக வெளியே வரும். மென்மையான துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மின்விசிறிக் காற்று துவாரத்தில் படும்படி சாய்த்து வையுங்கள். பஞ்சுக் குச்சியோ ஊசியோ உள்ளே விட வேண்டாம், தகடு வளையும். தலைமயிர் உலர்த்தியும் வேண்டாம், அந்தச் சூடு ஓரப் பசையை இளக்கும். அரிசிக்குள் புதைப்பதை எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். உப்புப் போத்தலில் அரிசி உதவுவது உண்மைதான். போன் துவாரத்தில் அது தூளையும் நொய்யையும்தான் அடைக்கும், மின்விசிறி அதை விட விரைவாகக் காயவைக்கும். குறைந்தது ஐந்து மணிநேரம் கழித்துத்தான் கேபிள். அவசரம் இல்லையென்றால் காலையில் போடுங்கள்.

அதற்குப் பிறகும் சார்ஜரைச் செருகும்போது துளிப் படத்தோடு ஈர எச்சரிக்கை வந்தால் அதை மீறிச் சார்ஜ் செய்யாதீர்கள். ஒரு நாள் காய்ந்த பிறகும் அது திரும்பத் திரும்ப வருகிறது என்றால், உள்ளே இருப்பது ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும் உப்பாகத்தான் இருக்கும். இன்னொரு முறை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் பெரும்பாலும் எச்சரிக்கை நின்றுவிடும்.

தண்ணீர்க் காப்பு இல்லாத, அல்லது ஒருமுறை திறந்து பழுதுபார்த்த போனைப் பைப்பில் காட்டாதீர்கள். நல்ல தண்ணீரில் நனைத்து, இனி ஒரு சொட்டும் விழாது என்னும் வரை பிழிந்த துணியால் எல்லா இடமும் துடைத்து, துணியை அலசிப் பிழிந்து இரண்டாம் முறையும் துடையுங்கள். முதல் முறை உப்பைக் கரைக்கிறது, இரண்டாம் முறைதான் அதை எடுத்துக்கொண்டு போகிறது. இந்தப் போனைத்தான் கடற்கரையில் பையை விட்டு வெளியே எடுக்கவே கூடாது, ஏனென்றால் துவாரத்துக்குள் போன உப்பை நீங்கள் வீட்டில் எடுக்க முடியாது.

கமராவுக்கும் இதே பிழிந்த துணி, இரண்டு முறை. அதற்கு முன் முழுதும் காற்று ஊதி, பிரஷால் பொத்தான்களைச் சுற்றித் தட்டிவிடுங்கள். பிளாஷ் மாட்டும் தகட்டு இடுக்கும், அடியில் முக்காலி மாட்டும் உலோகத் துளையும், வெளியே தெரியும் ஆணித் தலைகளும் உப்புக்குப் பிடித்த இடங்கள். பில்டரைக் கழற்றிப் பைப்பில் கழுவி ஒற்றி எடுங்கள். வெளிப்பக்கம் முழுதும் சுத்தமான பிறகுதான் பற்றரிக் கதவையும் மெமரி கார்ட் கதவையும் திறக்க வேண்டும். முந்தித் திறந்தால் ஓரத்தில் நின்ற மணல் உள்ளே விழும். கழுத்துப் பட்டியை எல்லாரும் மறந்துவிடுவார்கள். வியர்வையும் கடல்நீரும் ஊறின அந்தத் துணிப் பட்டியைக் கழற்றி ஒரு மணிநேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். இல்லையென்றால் சுத்தமான கமராவை அதே உப்புப் பட்டியோடு சுற்றி வைப்பீர்கள். முக்காலி கொண்டுபோயிருந்தால் கால்களை முழுதாக நீட்டிக் கழுவி, நீட்டியபடியே காயவிடுங்கள்.

ஏசி பற்றியும் சொல்லவேண்டும், உங்கள் பயணத்தில் அது கட்டாயம் வரும். ஏசி காரிலோ ஏசி அறையிலோ குளிர்ந்த கமராவைக் கடற்கரைக் காற்றில் எடுத்ததும், குளிர்ப் போத்தலில் வேர்ப்பது மாதிரி அதன் மேலும் லென்ஸிலும் நீர் பூக்கும். இங்கே காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கிறது. அந்த நேரம் உப்புத் தூளும் படிந்தால் அது அங்கேயே கரைந்து ஒட்டிக்கொள்ளும். காரில் இருக்கும்போதே கமராவைச் சிப் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள், கடற்கரையில் இறங்கி 20, 30 நிமிடம் பைக்குள்ளேயே இருந்து சூடேறட்டும். நீர் பையின் வெளிப்பக்கத்தில் பூக்கும், கமராவில் அல்ல. நீங்கள் வெள்ளவத்தையில் இருந்து ரயிலில் போவதாக இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, யன்னல் காற்றில் கமரா தானாகவே ஊர் வெப்பத்துக்கு வந்துவிடும்.

தம்பியிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன் கமராவை ஓர் இரவு திறந்த இடத்தில் காயவிடுங்கள். ஈரப் பையோடு மூடி வைத்தால் இந்த ஊரில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், சிலந்தி வலை மாதிரிக் கண்ணாடிக்குள் தெரிவது அதுதான். கொடுக்கும்போது அவர் முன்னாலேயே சூம் வளையத்தை முழுதும் திருப்பிக் காட்டுங்கள், சத்தம் இல்லாமல் மென்மையாகப் போக வேண்டும். வெள்ளைச் சுவர் ஒன்றைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், புள்ளி இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

கடைசியாக, எல்லாவற்றையும் மீறிப் போன் கடலுக்குள் விழுந்தால். எடுத்ததும் திரை வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டாம், உடனே நிறுத்துங்கள். ஐபி68 போன் என்றால் அந்த லீற்றர் போத்தலில் மிச்சமுள்ள தண்ணீரை அங்கேயே அதன் மேல் ஊற்றுங்கள், வீட்டுக்கு வரும்வரை உப்போடு வைத்திருக்க வேண்டாம். வீட்டில் திரும்பவும் ஒரு முறை கழுவி, மேலே சொன்னபடி காயவிடுங்கள். காப்பு இல்லாத போன் என்றால் நிறுத்தியபடியே, சார்ஜ் போட்டுப் பார்க்காமல், அன்றைக்கோ அடுத்த நாள் காலையிலோ திறந்து சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். "தண்ணீரில் விழுந்தது" என்று மட்டும் சொல்லாமல் "கடல்நீரில் விழுந்தது" என்று சொல்லுங்கள். வெறுமனே காயவைப்பதா, பலகையைக் கழற்றிக் கழுவி எடுப்பதா என்பதை அவர் அதை வைத்துத்தான் தீர்மானிப்பார். கமரா விழுந்தால் பற்றரியை உடனே கழற்றிவிட்டு அதையும் அப்படியே கொண்டுபோங்கள். கமராவை மட்டும் பைப்பில் காட்டாதீர்கள்.